மெனுவுக்குப் பதிலாக ஒரு கேள்வி

வாசகர் கேள்வி: ஐயா, நான் கருங்கல் பக்கம் சிறிய பேக்கரி நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது கேக் பற்றி விசாரிக்கிறார்கள். உடனே முழு மெனுவையும் விலையோடு அனுப்பிவிடுகிறேன். நீல டிக் விழுகிறது. அதற்குப் பிறகு பதில் வருவதில்லை. மெனுவைப் படமாக அழகாக வடிவமைத்து அனுப்பினால் சரியாகுமா, அல்லது விலையைக் குறைக்க வேண்டுமா?

பதில்:

வடிவமைப்புக்கும் செலவு செய்ய வேண்டாம், விலையையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். தக்கலைக்கு அருகில் கணவரோடு சேர்ந்து ஒரே ஓவனை வைத்துக்கொண்டு பேக்கரி நடத்தும் ஒரு பெண்மணிக்கும் இதே குறை இருந்தது. அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அந்த ஒன்றைச் சரியான சொற்களில் கண்டுபிடிப்பதற்கு அவருக்குச் சில வாரங்கள் ஆயின. அந்தக் கதை உங்களுக்கு அப்படியே பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவருடைய மெனு நாற்பது வரிகளுக்கு மேல் நீளும். வெனிலா அரை கிலோ, வெனிலா ஒரு கிலோ, பட்டர்ஸ்காட்ச், பிளாக் ஃபாரஸ்ட், ஒயிட் ஃபாரஸ்ட், ஒவ்வொன்றிலும் பட்டர் கிரீம் ஒரு விலை, ஃபிரெஷ் கிரீம் ஒரு விலை, முட்டை சேர்க்காததற்குத் தனி விலை, அதற்குக் கீழே பஃப்ஸ், கட்லெட், பன், நேந்திரங்காய் சிப்ஸ் என்று எல்லாம் ஒரே செய்தியில் இருந்தன. வாட்ஸ்அப் அவ்வளவு நீளமான செய்தியை முழுதாகக் காட்டுவதில்லை; முதல் பகுதியை மட்டும் காட்டிவிட்டு, மீதியைப் படிக்க Read more என்பதைத் தொடச் சொல்லும். அவர் தம் கைப்பேசியைக் கொடுத்து, பழைய உரையாடல்களை நானே படித்துப் பார்க்கலாம் என்றார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். "மோளுக்க பொறந்தநாளு, கேக்கு என்ன வெல வரும்?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார். மெனு போயிற்று. சிறிது நேரம் கழித்து, "பாத்துட்டு சொல்லுதேன்" என்று ஒரு வரி வந்தது. அதோடு அந்த உரையாடல் நின்றுவிட்டது. அதற்குக் கீழும் மேலும் இருந்த பல உரையாடல்கள் அதே வரியில், அல்லது அந்த வரிகூட இல்லாமல், நின்றிருந்தன.

அந்தத் தாய்க்கு விலை அதிகமாகப் பட்டிருக்கும் என்றுதான் கடைக்காரரும் நினைத்திருந்தார். நான் அப்படி நினைக்கவில்லை. மகளின் பிறந்தநாள் அவருக்குத் தெரியும், வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்பதும் ஏறக்குறையத் தெரியும். பட்டர் கிரீமுக்கும் ஃபிரெஷ் கிரீமுக்கும் என்ன வேறுபாடு, பதினைந்து பேருக்கு ஒரு கிலோ போதுமா, எந்த வகை மாலை வரை நிற்கும் என்பவை கடைக்காரருக்குத்தான் தெரியும். நாற்பது வரி மெனுவை அனுப்பும்போது, கடைக்காரர் செய்ய வேண்டிய தேர்வு வேலை முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது. அவர் சமையலறையில் ஒரு கையில் கரண்டியோடு நிற்பவராகவோ பேருந்தில் இருப்பவராகவோ இருப்பார்; பிறகு பார்க்கலாம் என்று கைப்பேசியை வைத்துவிடுவார். மாலையில் பக்கத்துக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைக் காட்டி, "இது ஒரு கிலோ" என்று வாங்கிவிடுவார். அங்கே விலை கூடுதலாக இருந்தாலும் தேர்வு எளிதாக இருக்கிறது.

மெனு செய்யும் இன்னொரு கெடுதலையும் கவனியுங்கள். அதை அனுப்பியவுடன் உங்களுக்கு உங்கள் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். கேட்டவர் யார், எதற்குக் கேட்டார், எப்போது வேண்டும் என்று எதுவும் தெரியாத நிலையில், மறுநாள் அவருக்கு மீண்டும் எழுதுவதற்கு உங்களிடம் காரணமும் இருக்காது.

ஆகவே, மெனுவை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பதிலாக அனுப்பிப் பாருங்கள் என்று சொன்னேன். எந்தக் கேள்வி என்பதில்தான் அவர் தடுமாறினார். முதலில், "என்ன கேக் வேண்டும்?" என்று கேட்டார். அநேகமாக எல்லோரும், "என்னவெல்லாம் உண்டு?" என்று திருப்பிக் கேட்டார்கள், மறுபடியும் மெனுவையே அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்து, "எத்தனை கிலோ வேண்டும்?" என்று கேட்டார். அதற்கு மௌனம்தான் கிடைத்தது, ஏனென்றால் கிலோக் கணக்கு கடையின் கணக்கு, வீட்டின் கணக்கு ஆள் எண்ணிக்கை. எவ்வளவு ரூபாய்க்குள் வேண்டும் என்று கேட்கலாமா என்றார். முன்பின் தெரியாதவரிடம் முதல் கேள்வியாக அதைக் கேட்டால், நம் வசதியை அளந்து பார்க்கிறார்கள் என்று நம் ஊரில் எடுத்துக்கொள்வார்கள், வேண்டாம் என்றேன்.

கடைசியில், கேட்பவர் யோசிக்காமலே பதில் சொல்லக்கூடியதும், கடைக்காரருக்கு முதலில் தெரிந்தாக வேண்டியதும் ஆகிய இரண்டும் சேரும் இடம் ஒன்றுதான் என்று தெரிந்தது. அது தேதி. "விசேஷம் என்றைக்கு?" என்று எழுதத் தொடங்கினார். உடனே பதில்கள் மாறின. தேதியை மட்டும் கேட்டாலும் யாரும் தேதியோடு நிறுத்துவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குப் புதுநன்மை", "வருகிற பதினெட்டாம் தேதி வீடு பால்காய்ப்பு", "நாளை கழித்து, அப்பாவுக்குப் பிறந்தநாள், சின்னதாகப் போதும்" என்று காரணத்தையும் அளவையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாளைச் சொல்லும்போதே அந்த நாளின் காட்சி அவர்கள் மனத்தில் வந்துவிடுவதால், மற்றவை தாமாகவே வருகின்றன என்பது என் கணிப்பு.

அந்தச் சொற்களிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தம் தாயின் நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பன்னும் கேக் துண்டுகளும் கேட்க வந்த ஒருவருக்கும் "விசேஷம் என்றைக்கு?" என்றே பதில் போயிற்று. அவர் கோபப்படவில்லை, "விசேஷம் இல்லை அக்கா, அம்மாவுக்கு நினைவு" என்று எழுதினார். கடைக்காரருக்கு அது மிகவும் வருத்தமாகிவிட்டது. அன்றே, "எந்த நாளைக்கு வேண்டும்?" என்று மாற்றிவிட்டார். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே கடையிலிருந்து பலகாரம் போகும் நம் மாவட்டத்தில் நீங்களும் இந்த வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டு வருபவருக்கு விலையே சொல்லாமல் வெறும் கேள்வியை மட்டும் அனுப்புவது மரியாதை ஆகாது. விலையை மறைக்கும் கடை என்ற பெயரும் வந்துவிடும். தொடக்க விலையை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். அவர் இப்போது அனுப்பும் செய்தி இதுதான்: "வணக்கம். பிறந்தநாள் கேக் ஒரு கிலோ 650 ரூபாயிலிருந்து செய்து தருகிறோம். உங்களுக்கு எந்த நாளைக்கு வேண்டும்?" கேள்வி கடைசி வரியாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் முகவரி, கடை நேரம், நன்றி என்று எதையாவது சேர்த்தால், படிப்பவர் பதில் சொல்ல வேண்டிய இடம் மறைந்துபோகும்.

தேதி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒரு ஆர்டரை வைத்தே பாருங்கள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒருவர், குளச்சல் பக்கம் இருக்கும் தம் தாயின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கே கேக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று இரவில் கேட்டார். அங்கே பத்து மணி என்றால் இங்கே பதினொன்றரை. கடையில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். தானாகப் போகும் செய்தியில், "எந்த நாளைக்கு வேண்டும் என்று சொல்லிவையுங்கள், காலை 8 மணிக்குப் பதில் தருகிறேன்" என்று இருந்தது. அவரும் வருகிற வியாழன் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

காலையில் கடைக்காரர் டைரியைத் திறந்து வியாழக்கிழமையைப் பார்த்தார், இடம் இருந்தது. "வியாழன் செய்து தரலாம். எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டார். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் என்று பதில் வந்தது. ஒருவருக்கு நூறு கிராம் துண்டு என்று வைத்தால் ஒரு கிலோ பத்துப் பேருக்கு வரும். பன்னிரண்டு பேருக்கு ஒன்றேகால் கிலோ போதும் என்றாலும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள் என்பதை நினைத்து ஒன்றரை கிலோ சொன்னார். பிறகு இரண்டே இரண்டு வகைகளை எழுதினார். பட்டர் கிரீம் கேக் ஒன்றரை கிலோ 975 ரூபாய். ஃபிரெஷ் கிரீம் போட்ட ஒயிட் ஃபாரஸ்ட் ஒன்றரை கிலோ 1,275 ரூபாய். இதோடு நிறுத்தாமல் தம் கருத்தையும் சேர்த்தார். நண்பகலில் பைக்கில் குளச்சல் வரை போக வேண்டியிருப்பதால் ஃபிரெஷ் கிரீம் இளகிச் சரிய வாய்ப்பு உண்டு, ஒயிட் ஃபாரஸ்ட்தான் வேண்டும் என்றால் காலையிலேயே கொடுத்துவிடுகிறேன், வீட்டில் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள் என்று எழுதினார். அவர் பட்டர் கிரீமைத் தேர்ந்தெடுத்து, பாதித் தொகையை அப்போதே அனுப்பிவிட்டார். எந்த மெனுவும் அந்த மனிதருக்கு வெயிலைப் பற்றியோ குளச்சல் பாதையைப் பற்றியோ சொல்லியிருக்காது. நாளும் ஆள் எண்ணிக்கையும் தெரிந்த பிறகு கடைக்காரரால் அதைச் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டபோது அவருக்கு நம்பிக்கை வந்தது.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் கேள்வி பலன் தருகிறது என்று கண்டவுடன், நாள், ஆள் எண்ணிக்கை, சுவை, நிறம், எழுத வேண்டிய பெயர், முகவரி என்று ஆறு கேள்விகளை ஒரே செய்தியில் அடுக்கிவிடுகிறார்கள். அது அரசு அலுவலக விண்ணப்பம் போல ஆகிவிடும். நாற்பது வரி மெனுவுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். ஒரு பதில் வந்த பிறகு ஒரு கேள்வி என்றே போங்கள். பெயரும் முகவரியும் முன்பணம் வந்த பிறகு கேட்டால் போதும்.

தேதி கையில் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு பயன், மௌனமாகிவிட்டவரிடம் தொல்லை தராமல் மீண்டும் பேச முடிவது. "சனிக்கிழமை கேக்குக்கு நாளை மாலைக்குள் உறுதி செய்தால் வெள்ளி இரவே ஸ்பாஞ்ச் போட்டுவைத்துவிடுவேன்" என்று ஒரு வரி எழுதலாம். அது உண்மையும்கூட, ஸ்பாஞ்ச் நன்றாக ஆறிய பிறகுதான் கிரீம் நிற்கும் என்பதால் முந்தின இரவே சுட்டுவைப்பதுதான் அவர் வழக்கம். ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் Business tools பகுதியில் Greeting message என்று இருக்கும். முதன்முறையாக எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் மட்டுமே அது தானாகப் போகும். நேற்றுப் பேசியவருக்குப் போகாது. அதில் உங்கள் மெனு இருந்தால் எடுத்துவிட்டு, விலை வரியையும் கேள்வியையும் வையுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பதில் முகவரிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டால், உறவினர்களுக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் இயந்திரப் பதில் போகாது. கடை மூடிய நேரத்துக்கு Away message தனியாக உண்டு. அதில் எத்தனை மணிக்குப் பதில் தருவீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைப் படிக்காமல் அரைநாள் விட்டுவைப்பது, மெனு அனுப்புவதைவிட மோசமானது. எதிரில் இருப்பவர் உங்களுக்காக ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இந்த முறை எல்லா விசாரணைக்கும் பொருந்தாது. "பஃப்ஸ் இருக்கா?" என்று கேட்பவரிடம் எந்த நாளைக்கு என்று கேட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும், இருக்கிறது, இத்தனை ரூபாய் என்று சொல்லி முடித்துவிடுங்கள். ஒரு கேக்கின் பெயரையும் எடையையும் குறிப்பிட்டு விலை கேட்பவருக்கும் நேரான பதில்தான் வேண்டும். மெனுவைத்தான் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பவருக்கு, கேக் வகைகளை மட்டும் சுருக்கி அனுப்புங்கள், மறுக்காதீர்கள். கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் மொத்தமாக வாங்குபவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

தக்கலைக் கடையில் மெனு அனுப்பிய நாட்களில், பிறந்தநாள் கேக் பற்றி விசாரிக்கும் பத்துப் பேரில் இரண்டு அல்லது மூன்று பேர் வாங்கினார்கள். கேள்விக்கு மாறிய சில மாதங்களில் அது பாதியளவுக்கு வந்தது. பிறந்தநாளை மட்டும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கேக் வியாபாரம் நாட்காட்டியோடு ஏறி இறங்கும். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் ஆடியில் இந்து வீடுகளிலும் திருமணங்கள் இருக்காது. ஈஸ்டர் முடிந்ததும், ஆவணி பிறந்ததும் ஆர்டர்கள் குவியும். தவக்காலத்தில் மெனுவை அனுப்பி மே மாதத்தில் கேள்வியை அனுப்பினால், கூடிய ஆர்டர் கேள்வியால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பிறந்தநாள் ஆண்டு முழுவதும் பரவலாக வருவது. ஆகவே ஒரு சிறு நோட்டில், பிறந்தநாளுக்காக விசாரித்தவர், தேதி சொன்னவர், வாங்கியவர் என்று மூன்று கட்டங்கள் போட்டு, முதல் மூன்று வாரம் இப்போது அனுப்பும் மெனுவோடும் அடுத்த மூன்று வாரம் கேள்வியோடும் குறித்து வாருங்கள்.

அந்த நோட்டு உங்கள் உண்மையான குறை எங்கே என்பதையும் காட்டும். தேதியே சொல்லாமல் பலர் போய்விட்டால் உங்கள் முதல் செய்தியில் கோளாறு இருக்கிறது, அல்லது பதில் தாமதமாகப் போகிறது. பலரும் தேதியைச் சொல்லி, ஆள் எண்ணிக்கையும் சொல்லி, இரண்டு விலையையும் பார்த்த பிறகு விலகினால், அப்போது விலையைப் பற்றி யோசிக்க நியாயம் உண்டு. அதுவரை குறைக்க வேண்டாம்.

ஆர்டர் கூடும்போது வரும் ஒரு சிக்கலுக்கும் ஆயத்தமாக இருங்கள். கேட்பவர்களில் பலர் சனி, ஞாயிறையே சொல்வார்கள். தக்கலைக் கடைக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை கேக்குகளை நிதானமாக முடிக்க முடியும் என்று கணக்கிட்டு, டைரியில் அந்த எண்ணிக்கை நிறைந்தவுடன், "ஞாயிறு நிறைந்துவிட்டது, சனி மாலையே வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்கிறார். பட்டர் கிரீம் வகைக்குச் சிலர் சம்மதிக்கிறார்கள். முடியாது என்பவருக்கு அப்போதே முடியாது என்று தெரிந்துவிடுகிறது. அவர் வேறு கடை தேட நேரம் இருக்கிறது.

டிசம்பரில் மட்டும் இந்தக் கேள்வியை மாற்றிவிடுங்கள். அந்த மாதத்தில் பிளம் கேக் கேட்கும் எல்லோருக்கும் நாள் ஏறக்குறைய ஒன்றுதான், கேட்டுப் பயனில்லை. அப்போது கடைக்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது, கேட்பவருக்கு வேண்டியது பழங்களை ரம்மில் ஊறவைத்ததா, ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்ததா என்பதுதான், ஏனென்றால் மது சேர்த்ததைத் தொடவே தொடாத சபைக் குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய உண்டு; இரண்டையும் தனித்தனியாக முன்பே ஊறவைத்தாக வேண்டும். "பிளம் கேக் ரம் சேர்த்தும் உண்டு, சேர்க்காமலும் உண்டு. உங்களுக்கு எது?" என்று அவர் நவம்பர் நடுவிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடுகிறார். வீட்டுக்கு எது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை கேக் வேண்டும் என்பதும் அந்தப் பதிலோடு சேர்ந்து வந்துவிடுகிறது. வரும் பதில்களை வைத்தே எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு பழம் கூடுதலாக ஊறவைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார்.